பதினொண்ணாம் வாய்ப்பாடு

அந்தச் சான்றிதழின் நகல் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. டேட்டாபேஸிலிருந்து தகவல் கேட்டு எடுக்கக் குவரி எழுதுகிற மொழியான எஸ்க்யூஎல் படித்து முடித்ததற்கு ஆன்லைனில் கொடுக்கிற சான்றிதழ், கலர் பிரிண்ட். ஷைனி அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். (அவள் உண்மைப் பெயர் இது இல்லை. இங்கே வருகிற யாருடைய உண்மைப் பெயரும் இல்லை.) அன்று காலாண்டு முடிந்து ஓகேஆருக்கு, அதாவது ஒரு நோக்கத்தையும் அதை எட்டினோமா என்று காட்டுகிற அளவுகளையும் முன்கூட்டியே எழுதி வைக்கிற முறைக்கு, மார்க் போடுகிற நாள். அவளுடைய தனிப்பட்ட இலக்குகள் மூன்றும் முழுமை. நான் முழு மார்க், 1.0 என்று போட்டு, "ரொம்ப நல்லா பண்ணிருக்க" என்றேன். அவள் எழுந்து போகவில்லை.

"அண்ணா, ஒரு காரியம் கேக்கட்டா? படிச்சாச்சு, பரீட்சையும் எழுதியாச்சு. இதெ வச்சி நான் என்னைக்கு ஒரு குவரி ஓட்டப் போறேன்?"

எப்போ வேண்டுமானாலும் ஓட்டலாமே என்றேன். "எதுல ஓட்ட? டேட்டாபேஸ்ல எனக்க பேரே இல்லியே."

இல்லைதான். டேட்டாபேஸைத் திறக்க அனுமதி இருந்தவர்கள் இரண்டே பேர். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் முடிந்து வந்து அவள் படித்திருக்கிறாள். திங்கட்கிழமை அலுவலகம் வந்ததும், கடைக்காரரின் ஸ்டாக் கணக்குப் புகார் டிக்கெட்டாக வந்தால் முன்பு போலவே அதை அந்த இரண்டு பேரில் ஒருவருக்குத் தள்ளிவிட்டு அடுத்த போனை எடுத்திருக்கிறாள். இந்த இரண்டும் ஒரே அலுவலகத்தில், ஒரே ஆளிடம், 13 வாரம் நடந்திருக்கிறது. அவளுடைய இலக்கை டீம் இலக்கோடு இணைத்தது நான்தான். எனக்குத் தெரியவில்லை.

## 27 வரிகள்

நாங்கள் ஜவுளிக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் பில்லிங் மென்பொருள் கொடுக்கிறோம். அலுவலகம் நாகர்கோவிலில், வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். சப்போர்ட் டீமில் என்னைத் தவிர ஒன்பது பேர். ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ம் தேதியும், 3பி போட வேண்டிய 20-ம் தேதியும் நெருங்கினால் போன் நிற்காது. ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் முதலாளி பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து ஓகேஆர் கொண்டுவந்தார். ஜூலை முதல் செப்டம்பர் வரை முதல் சுற்று. டீமின் நோக்கம் எனக்கு இன்றைக்கும் பிடித்ததுதான்: கடைக்காரர் நம்மைக் கூப்பிடாமலே அன்றன்றைக்கு வேலையை முடித்துக் கடையைச் சாத்த வேண்டும். அதன் கீழே, நோக்கத்தை எட்டினோமா என்று காட்டுகிற அளவுகளாக மூன்று கேஆர். மாதம் 180 வருகிற ஸ்டாக் கணக்குப் புகார் 90 ஆக வேண்டும். முதல் பதிலுக்கு ஆகிற நாலு மணி நேரம் ஒரு மணி நேரமாக வேண்டும். மூன்றாவது ஜிஎஸ்டி அறிக்கை பற்றியது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆட்கள் வளரணும்லா" என்று முதலாளி சொன்னார், நானும் தலையாட்டினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நோக்கம், மூன்று தனி கேஆர். ஒன்பது மூன்று இருபத்தேழு. எல்லாம் ஒரே ஷீட்டில். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது எந்த டீம் கேஆருக்கு உதவும்' என்று ஒரு கட்டம், அதில் கீழ்நோக்கி விரிகிற பட்டியல். ஷைனி தன் எஸ்க்யூஎல் படிப்புக்கு எதிரே 'ஸ்டாக் புகார் குறைப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சரியான தேர்வு. ஸ்டாக் ஏன் தப்புகிறது என்று பார்க்க டேட்டாபேஸுக்குள்தான் போக வேண்டும். ஷீட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு அழகாக இருக்கும். பச்சை நிறம் வேறு.

அந்தக் கட்டத்துக்கு வெளியே அந்தக் கோர்வை எங்குமே இல்லை என்பதுதான் பிறகு எனக்கு உறைத்தது. அவள் படித்ததால் செவ்வாய்க்கிழமை செய்கிற வேலை எதாவது மாறியதா? அவளிடம் புதிதாக எந்த டிக்கெட்டாவது வந்து சேர்ந்ததா? யாராவது அவளுக்காக ஒரு அனுமதி கேட்டு எழுதினார்களா? போனிலிருந்து ஒரு மணி நேரமாவது விடுவித்தோமா? எதுவும் இல்லை. இப்போதெல்லாம் யாருடைய வளர்ச்சி இலக்கைப் பார்த்தாலும் நான் செய்கிற முதல் சோதனை, அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, இது இல்லாவிட்டால் வருகிற வாரத்து வேலைப் பங்கீட்டில் என்ன மாறும் என்று கேட்பது. ஒன்றும் மாறாது என்றால் அது வீட்டுப்பாடம். வீட்டுப்பாடம் தப்பில்லை. அதை டீம் இலக்கின் கீழே எழுதி வைத்து, இணைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டதுதான் தப்பு.

'படித்து முடித்தல்' என்பதையே கேஆராக எழுதவிட்டதும் என் பிழைதான். கேஆர் என்பது ஒரு வேலையைச் செய்து முடித்ததைச் சொல்வது அல்ல, செய்ததால் வெளியே எது மாறியது என்பதைச் சொல்வது. கோர்ஸ் முடிப்பது, சான்றிதழ் வாங்குவது, கூட்டம் நடத்துவது எல்லாம் வேலைகள். இருபத்தேழில் எத்தனை அப்படி என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

## மார்க் வாங்கிப் பழகிய ஊர்

ஷைனி கேட்ட கேள்வி அன்றிரவு தூங்கவிடவில்லை. மறுநாள் மற்ற மார்க்குகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழில் இருபத்திரண்டுக்கு முழு மார்க். இவ்வளவு சாதித்த டீமுக்குப் போன் ஏன் குறையவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

ஸ்டாக் புகாரையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பரில் 96 என்று வந்தது. 180-லிருந்து 90-க்கு வர வேண்டும், குறைக்க வேண்டியது 90. குறைந்தது 84. 84-ஐ 90-ஆல் வகுத்தால் 0.93. முதலாளி லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் டிக்கெட் பட்டியலை வகைவாரியாகப் பிரித்தேன். வழக்கமாக மாதம் 40 வருகிற 'இதர' என்ற வகையில் 112 இருந்தது. உட்கார்ந்து 112-ஐயும் வாசித்தேன். கூடுதலாக வந்த 72-ம் ஸ்டாக் புகார்தான். 'பில் சரியில்லை', 'திரையில் தப்பாகக் காட்டுது' என்று பொதுவாக எழுதி 'இதர'வில் போட்டிருந்தார்கள். ஆக உண்மையான எண் 168. குறைந்தது வெறும் 12. மார்க் 0.13.

முதல் பதில் நேரமும் இதே கதைதான். பல டிக்கெட்டுக்கு, வந்த ஐந்து நிமிடத்தில் 'பார்க்கிறோம் சார்' என்று ஒரு வரி போய்விடும். கடைக்காரர் அதற்குப் பிறகு அரை நாள் காத்திருப்பார். எங்கள் கணக்கில் சராசரி 50 நிமிடம்.

பையன்களைத் திட்டப் போனேன். ஜெபின் ஒளிக்காமல் சொன்னான்: "அண்ணா, அது ஸ்டாக்குன்னு போட்டா நமக்க மார்க்கு போச்சு. மார்க்கு போனா இன்க்ரிமென்ட் போச்சு. சவம், இதரன்னு போட்டா ஒருத்தருக்கும் நஷ்டமில்லல்லா?"

திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் ஓகேஆர் மார்க்கை வருட அப்ரைசலில் 40 சதவீதமாகச் சேர்த்தது மேலிடம். அதற்குப் படிவம் தயாரித்தது நான். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலாக வந்த மாவட்டம் இது. இங்கே பிறந்த பிள்ளைக்கு மார்க் என்றால் என்ன, அதை எப்படி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்க்குக்குப் பின்னால் சம்பளத்தைக் கட்டினால் பிள்ளைகள் மார்க் வாங்குவார்கள். வாங்கினார்கள்.

ஓகேஆர் முறையை 1970-களில் இன்டெல் நிறுவனத்தில் உருவாக்கிய ஆண்டி க்ரோவ் இதைப் பற்றிச் சொன்னதைப் பிற்பாடுதான் வாசித்தேன். ஒரு ஆள் தன் ஓட்டத்தைத் தானே அளந்துகொள்ளக் கையில் கொடுக்கிற ஸ்டாப்வாட்ச் இது, வேலை மதிப்பீட்டுக்கு அடிப்படையாக வைக்கிற சட்ட ஆவணம் அல்ல என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அவரிடம் வேலை பார்த்த ஜான் டோயர் 1999-ல் இதைக் கூகுளுக்குக் கொண்டுபோனார். அங்கே எட்டுவதற்குக் கடினமாக வைக்கிற இலக்குகளில் 0.6, 0.7 வந்தாலே நன்று என்பார்கள். எப்போதும் 1.0 வருகிறதென்றால் இலக்கைத் தாழ்வாக வைத்திருக்கிறாய் என்று பொருள். எங்கள் பயிற்சிக் கையேட்டிலும் இந்த 0.7 கதை இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் நாங்களே எங்கள் கையால் அப்ரைசலைச் சேர்த்து ஒட்டிக்கொண்டோம். 0.7 வாங்கினால் இன்க்ரிமென்ட் குறையும் என்றால் எந்தப் பையன் கடினமான இலக்கு வைப்பான்? தன் வளர்ச்சி விஷயத்தில் இது இன்னும் மோசம். தெரியாததைக் கற்றுக்கொள்கிறவன் தடுமாறத்தான் செய்வான். தடுமாறினால் மார்க் குறையும் என்றால், ஏற்கெனவே பாதி தெரிந்ததைத்தான் 'கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று எழுதுவான். எங்கள் ஷீட்டில் ஒருவன் எக்செல் கற்றுக்கொள்வதை இலக்காக வைத்திருந்தான். அவன்தான் ஷீட்டையே தயாரித்தவன்.

## இன்வெர்ட்டர் அறை

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான அடுத்த சுற்றுக்கு முதலாளியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். அப்ரைசலிலிருந்து இந்த மார்க்கை எடுத்துவிட வேண்டும். தனி ஆட்களுக்கான ஓகேஆரே வேண்டாம். இரண்டாவதுக்கு உடனே சரி என்றார். முதலாவதுக்கு ஒரு வாரம் பிடித்தது. "அப்போ எதை வச்சி சம்பளம் போட?" என்பது அவர் கேள்வி. முன்னாடி எதை வைத்துப் போட்டீர்களோ அதை வைத்து, உட்கார்ந்து பேசி என்றேன். முழு மனதில்லாமல் ஒத்துக்கொண்டார்.

புதிய ஷீட்டில் டீம் கேஆர் இரண்டுதான். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரே ஒரு வரி: இதை எட்ட நம்மில் யாருக்கு இன்று தெரியாத எது தெரிய வேண்டும், அதற்கு எந்த வேலை அவர் கைக்கு மாறுகிறது. முதல் பாதி மட்டும் எழுதினால் வரி ஏற்கப்படாது. ஸ்டாக் கேஆரின் கீழே இப்படி எழுதினோம்: ஸ்டாக் டிக்கெட்டின் முதல் ஆய்வு ஷைனிக்கு மாறுகிறது. தினம் இரவு எடுக்கிற டேட்டாபேஸ் நகலில் வாசிக்க மட்டும் அனுமதி. செவ்வாய், வியாழன் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை போன் இல்லை. வாரத்துக்கு ஆறு மணி நேரம். அளவையும் மாற்றினோம். எந்தப் பெயரில் பதிந்தாலும் ஸ்டாக் விஷயமாக வருகிற எல்லா அழைப்பும் கணக்கில் சேரும், வெள்ளிக்கிழமைதோறும் 'இதர'வில் 20 டிக்கெட்டை எடுத்து நான் வாசிப்பேன். தொடக்கம் 168, இலக்கு 84.

முதல் செவ்வாய்க்கிழமையே அது உடைந்தது. இரண்டு மணிக்கு உட்கார்ந்தவளை இரண்டே காலுக்கு ஒரு போன் எடுக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு இன்னொன்று. இரண்டுமே கூப்பிட்டது நான்தான், வேறு யாருமில்லை. கண் முன்னால் ஒரு ஆள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, போன் அடிப்பதைத் தாங்கிக்கொள்ள எனக்கே முடியவில்லை. அடுத்த வாரம் அவளுடைய நாற்காலியைப் பின்னால் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற அறைக்கு மாற்றினோம். சூடு, பேட்டரி வாடை. ஆனால் என் கண்ணில் படமாட்டாள். அந்த ஆறு மணி நேரம் பிழைத்தது அந்த ஒரு ஏற்பாட்டால்தான்.

மூன்றாவது வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பேசி, 40 சாமான்களைக் கையால் எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அலமாரியில் இருப்பது ஒரு எண், திரையில் இருப்பது ஒரு எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது. 26 சாமான் தப்பாக இருந்தது. அந்தத் தாளோடு வந்து என் மேஜையில் விரலை வைத்தாள். 33, 22, 55, 110, 44.

"அண்ணா, இதெல்லாம் பதினொண்ணாம் வாய்ப்பாடுலா?"

26-ல் 17 எண்கள் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டன. தற்செயலாக வந்தால் இரண்டோ மூன்றோ வரலாம். பதினேழு வராது. ஏன் பதினொன்று என்று எனக்கு அரை நிமிடம் பிடித்தது, அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. தோர்த்துத் துண்டு மூன்று டஜன் வாங்கினால் 36 என்று ஏற வேண்டும். கொள்முதல் திரையில் அளவு 'பீஸ்' என்றே வந்து நிற்பதால் அவசரத்தில் 3 என்று மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். 30 விற்றால் திரையில் மைனஸ் 27. அலமாரியில் 6 கிடக்கும். வித்தியாசம் 33. ஒவ்வொரு டஜனுக்கும் 12 ஏற வேண்டிய இடத்தில் 1 ஏறுகிறது, 11 விடுபடுகிறது. எத்தனை முறை வாங்கினாலும், எத்தனை விற்றாலும் அந்த வித்தியாசம் பதினொன்றின் மடங்காகவே இருக்கும். அவள் எழுதிய குவரி இவ்வளவுதான்:

```sql
SELECT item_id, counted_qty - screen_qty AS diff
FROM stock_check
WHERE counted_qty <> screen_qty
  AND (counted_qty - screen_qty) % 11 = 0;
```

கோர்ஸில் இரண்டாம் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற அளவுதான் இதில் இருக்கிற எஸ்க்யூஎல். டேட்டாபேஸைத் திறக்கத் தெரிந்த அந்த இரண்டு பேரும் இதைவிடப் பத்து மடங்கு தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு டிக்கெட்டாகத் திறந்து, எண்ணைத் திருத்தி, மூடிவிடுவார்கள். ஜவுளிக்கடைக்காரரிடம் தினம் பேசுகிறவளுக்குத்தான் தோர்த்து டஜனில் வரும் என்பது தெரியும். அவளைத்தான் மூன்று மாதம் கதவுக்கு வெளியே நிறுத்திச் சான்றிதழ் வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

டெவலப்பர் ஒரு நாளில் சரிசெய்தார். அந்த சப்ளையரிடம் கடைசியாக எந்த அளவில் வாங்கினார்களோ அது முதலில் வந்து நிற்கும். டஜன் கட்டில் வருகிற சாமானுக்குப் 'பீஸ்' என்று போட்டால் ஒரு முறை கேட்கும். டிசம்பர் முடிவில் அழைப்பு 118. குறைய வேண்டியது 84, குறைந்தது 50. மார்க் 0.6.

"இவ்வளவு செஞ்சும் 0.6 தானா?" என்றார் முதலாளி. லட்டு இல்லை.

## இதில் அடங்காதவை

இதற்கு விலை இருந்தது. செவ்வாய், வியாழன் மதியங்களில் கடைக்காரர்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு வாரம் அந்த ஆறு மணி நேரத்தை நானே ரத்து செய்தேன். அந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்களிடம் சரியான வாதம் இருந்தது, என்னிடம் இல்லை. திங்கட்கிழமை காலை பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே 'இந்த கேஆர் எட்டுமா, பத்துக்கு எத்தனை நம்பிக்கை' என்று கேட்கிற பழக்கம் வைத்தோம். முதல் சுற்றில் அந்த ஷீட்டை ஜூலை முதல் வாரமும் செப்டம்பர் கடைசி வாரமும் மட்டும்தான் திறந்திருந்தோம், இடையில் ஓணம் விழுங்கிவிட்டது. இப்போதும் 11-ம் தேதி திங்கட்கிழமையில் வந்தால் அந்தக் கூட்டம் நடக்காது.

இதைவிட எனக்குச் சங்கடமாக இருந்தது அருண் விஷயம். அவனுக்குத் திரை வடிவமைப்பில் ஆசை, கை நன்றாக வரும். சப்போர்ட் டீமின் எந்த கேஆரின் கீழேயும் அதை உண்மையாக எழுத முடியவில்லை. முதல் சுற்றில் 'வாடிக்கையாளர் அனுபவம்' என்று எதையோ ஒட்டி இணைத்திருந்தோம். இரண்டாவது சுற்றில் அவனைக் கூப்பிட்டு, இங்கே இதற்கு வேலை இல்லை மக்கா, உன் நேரத்தில் படி, வேண்டுமானால் டெவலப்பர் டீமில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன், அங்கே இடமில்லை. ஐந்து மாதத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது ரயிலில் தினம் போய்வருகிறான். பொய்யாக ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இன்னும் ஒரு வருடம் இருந்திருப்பானோ என்று சில நாள் தோன்றும்.

டேட்டாபேஸ் நகலைத் திறக்கிற பட்டியலில் இப்போது ஐந்து பேர். ஜெபினும் அதில் உண்டு. 'இதர' மாதம் 40-ஐ ஒட்டியே நிற்கிறது. வெள்ளிக்கிழமை வாசிப்பதை நான் விடவில்லை.

இந்தச் சுற்றுக்கு ஷீட் நிரப்பும்போது, ஷைனி பெயருக்கு எதிரே 'என்ன தெரிய வேண்டும்' என்ற இடத்தில் அவளே எழுதியிருந்தாள்: "ஒண்ணும் இல்ல. தம்பிக்கு கல்யாணம்." கர்சரை அந்த வரியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சேமித்துவிட்டு மூடினேன்.